தேரோட்டத்துக்கு ட்ரோன் ஏற்றும் முன்

பங்குனி, சித்திரை வந்துவிட்டால் டெல்டா ஊர்களில் ட்ரோன் வைத்திருப்பவரின் போன் ஓயாது. "தேர் நிலைய விட்டுக் கிளம்புறதுலேர்ந்து எடுக்கணும் தம்பி, அப்படியே நம்ம வயக்காட்டையும் மேலேர்ந்து நாலு ஷாட் போட்டுடு" என்று விழாக் கமிட்டிக்காரர்கள் கேட்பார்கள். கேட்பவருக்கு அது ஒரே வேலை. எடுப்பவருக்கு மூன்று வேலை: அந்த வானத்தில் பறக்க அனுமதி உண்டா என்று பார்ப்பது, எங்கே நின்று எங்கே பறப்பது என்று முடிவு செய்வது, கையில் உள்ள பேட்டரியை எந்தெந்தக் காட்சிக்குச் செலவிடுவது என்று கணக்குப் போடுவது. மூன்றும் வீட்டில் உட்கார்ந்து முடிக்க வேண்டியவை. தேர் கிளம்பிய பிறகு யோசிக்க நேரம் இருக்காது.

கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாட வீதிகள். ராஜகோபுரம் 70 அடி, அலங்கரித்த தேர் 45 அடி. கிழக்கு வீதியை ஒட்டிக் கோயில் குளம். தெற்கு வீதி வீடுகளின் கொல்லைக்குப் பின்னால் வயல். பம்ப்செட் தண்ணீரில் கோடை நெல் பச்சையாக நிற்கிறது, மற்ற இடமெல்லாம் உளுந்து. கையில் இருப்பது சுமார் 600 கிராம் எடையுள்ள ட்ரோன், மூன்று பேட்டரி. பேட்டரிக்கு 31 நிமிடம் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறது.

முதலில் அனுமதி. இந்தியாவில் இதற்கான சட்டம் 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள். அதே ஆண்டு செப்டம்பரில் நாட்டின் வான்பரப்பைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்துக் காட்டும் வரைபடம் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் வெளியானது. பச்சைப் பகுதியில் 400 அடி வரை, அதாவது 120 மீட்டர் வரை, பறப்பதற்குத் தனி அனுமதி வேண்டாம். மஞ்சள் என்றால் அந்த வான்பரப்பைக் கவனிக்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசு அனுமதித்தால் மட்டுமே பறக்கலாம். பச்சைக்குள்ளும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தூரத்துக்குள் உங்கள் ஊர் இருந்தால் 200 அடி வரைக்கும்தான் பச்சை. அதற்கு மேல் மஞ்சள்.

தமிழ்நாட்டில் இது பலர் நினைப்பதைவிட அதிக ஊர்களைத் தொடும். சென்னை, திருச்சி, மதுரை, கோவை, தூத்துக்குடி, சேலம் என்று விமான நிலையங்கள் இருக்கின்றன. தஞ்சாவூரிலும் சூலூரிலும் தாம்பரத்திலும் விமானப்படைத் தளங்கள். அரக்கோணத்திலும் ராமநாதபுரம் அருகே உச்சிப்புளியிலும் கடற்படைத் தளங்கள். கல்பாக்கம், கூடங்குளம் அணுமின் நிலையங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே "எங்க ஊர் கிராமம்தானே" என்ற நினைப்பை விட்டுவிட்டு, வரைபடத்தில் கோயிலைத் தேடிப் பெரிதாக்கி, நான்கு வீதியும் வயலும் எந்த நிறத்தில் விழுகின்றன என்று பாருங்கள். கோயில் பச்சையிலும் வயல் மஞ்சளிலும் விழலாம்.

வரைபடம் பச்சை என்று சொன்னால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். மாநில அரசோ காவல்துறையோ ஒரு பகுதியைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்க விதிகளில் இடம் உண்டு. முக்கியப் பிரமுகர் வருகை, பெருங்கூட்டம், பதற்றமான சூழல் என்று வரும்போது இது நடக்கும். போன வாரம் பார்த்த பச்சை இன்று சிவப்பாக இருக்கலாம். அமைச்சர் ஒருவர் வடம் பிடித்துக் கொடுக்க வருகிறார் என்றால் அந்தச் செய்தி கமிட்டிக்கு முந்தைய நாள்தான் தெரியும். அதனால் முன்கூட்டி ஒரு முறை, தேர் அன்று காலை ஒரு முறை என வரைபடத்தை இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

வானத்துக்கு அனுமதி இருந்தாலும் நிலத்துக்கு உரியவர்களைக் கேட்க வேண்டும். கோயில் அறநிலையத்துறையின் கீழ் இருந்தால் செயல் அலுவலருக்கு ஒரு கடிதம். தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னமாக இருந்தால் அத்துறையின் அனுமதி தனியாக வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலும் தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் அந்த வகை. உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்து ரசீது வாங்குங்கள். ட்ரோனின் பதிவு எண், இயக்குபவரின் சான்றிதழ் எண், எங்கிருந்து ஏற்றி எங்கே இறக்கப்போகிறீர்கள், எத்தனை மணிக்கு என்ற நான்கும் அதில் இருக்கட்டும். இரண்டு வரியில் "அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதிய கடிதத்தைவிட, வீதிப் படம் வரைந்து பறக்கும் பாதையைக் குறித்த கடிதத்தைக் காவல் அதிகாரி மதிப்பார். பந்தோபஸ்துக்குத் திட்டமிடுபவர் அவர். உங்கள் ட்ரோன் எங்கே இருக்கும் என்று தெரிந்தால், விழா அன்று யாராவது புகார் சொல்லும்போது உங்களுக்காகப் பேசவும் அவரால் முடியும்.

சான்றிதழ் விஷயத்தில் ஒரு தெளிவு தேவை. 250 கிராம் வரை உள்ளவை நானோ வகை. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கும், பணம் வாங்காமல் சொந்த விருப்பத்துக்குப் பறக்கவிடும் மைக்ரோவுக்கும் இயக்குநர் சான்றிதழ் தேவையில்லை. நம் 600 கிராம் ட்ரோனைக் கூலிக்குப் பறக்கவிட்டால் தேவை. பத்தாம் வகுப்பு தேறிய, 18 முதல் 65 வயதுக்குட்பட்டவர்கள் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் படித்து இதைப் பெறலாம். பத்து ஆண்டுகள் செல்லும். மூன்றாம் நபர் காப்பீடும் மைக்ரோவுக்குக் கட்டாயம். "என்னுடையது 249 கிராம்தான், எனக்கு எந்த விதியும் இல்லை" என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். அது தவறு. மஞ்சள், சிவப்பு மண்டலங்கள் எடை பார்ப்பதில்லை.

அடுத்தது, எங்கே பறப்பது. தேரோட்டம் என்றதும் எல்லோருக்கும் தோன்றுவது தேரின் உச்சிக்கு நேர் மேலே நின்று கீழே பார்க்கும் காட்சி. அதை விட்டுவிடச் சொல்வேன். முதல் காரணம் மனிதர்கள். 30 மீட்டர் உயரத்தில் ஓர் இறக்கை உடைந்து ட்ரோன் விழுந்தால், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், தரையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு 24 மீட்டர். மணிக்கு 85 கிலோமீட்டருக்கு மேல். காற்று அதைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். வடம் பிடித்துத் தலை குனிந்து இழுப்பவரால் விலக முடியாது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் அலறி ஓடினால் அடுத்தவர்கள் ஏன் என்று தெரியாமலே ஓடுவார்கள், அருகிலேயே சக்கரம் உருண்டுகொண்டிருக்கும். இதற்கு ஈடாக எந்தக் காட்சியும் இல்லை.

இரண்டாவது காரணம் படத்தைச் சேர்ந்தது. நேர் மேலிருந்து பார்த்தால் தேரில் கலசமும் குடையும்தான் தெரியும். தேரின் உயரம் காணாமல் போய்விடும். மாறாக, தேருக்கு 40 மீட்டர் பக்கவாட்டில், 30 மீட்டர் உயரத்தில் நின்று கேமராவைப் பாதி சாய்த்துப் பாருங்கள். அடுக்கடுக்காகத் தொங்கும் துணிகள், தேர்க்கால், முன்னால் நீளும் வடம், அதைப் பிடித்த கைகள், பின்னால் கோபுரம் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வரும். நம் ஊரில் அதற்கு இடமும் இருக்கிறது. தேர் கிழக்கு வீதியில் வரும்போது ட்ரோன் குளத்துக்கு மேல் நிற்கலாம். தெற்கு வீதிக்குத் திரும்பும்போது கொல்லைக்குப் பின்னால் வயலுக்கு மேல் நிற்கலாம். ட்ரோன் விழுந்தால் தண்ணீரில் விழும், நெல்லில் விழும். குளத்தில் அந்த நேரத்தில் யாரும் குளிக்கவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆபத்து ஒருபுறம், அவர்கள் சம்மதம் இல்லாமல் அவர்களைப் படம் எடுப்பது இன்னொரு புறம்.

ஏற்றி இறக்கும் இடத்தைத் தேர் வீதியில் வைக்கவே கூடாது. சிக்னல் அறுந்தாலோ பேட்டரி தீர்ந்தாலோ ட்ரோன் தானாகக் கிளம்பிய இடத்துக்குத் திரும்பும். எட்டரை மணிக்குக் காலியாக இருந்த அந்த இடத்தில் பத்து மணிக்கு ஐந்நூறு பேர் நிற்பார்கள். சுழலும் இறக்கையோடு அது அவர்கள் நடுவில் இறங்க வரும். கூட்டம் எந்தக் காரணத்துக்காகவும் வராத இடமாகத் தேர்ந்தெடுங்கள்: கொல்லைக்குப் பின்னால் உள்ள களம், குளத்தின் எதிர்க்கரை. தகரக் கொட்டகை, இரும்பு கேட், டிராக்டர் டிரெய்லர், கம்பி நிறைந்த கான்கிரீட் மொட்டைமாடி ஆகியவற்றுக்கு அருகே ஏற்றினால் திசைகாட்டி தடுமாறும்.

தானாகத் திரும்பும் உயரத்தையும் நீங்களே அமைக்க வேண்டும். 70 அடி கோபுரம் சுமார் 21 மீட்டர், கலசத்தோடு இன்னும் கொஞ்சம். பக்கத்தில் 40 மீட்டர் செல்போன் கோபுரம் இருக்கிறது என்றால் திரும்பும் உயரம் 55 மீட்டர் என வைக்கலாம். 200 அடி வரம்புள்ள ஊராக இருந்தாலும், அதாவது 60 மீட்டர் என்றாலும், அது உள்ளே அடங்கும். இதில் பலர் கவனிக்காத ஒன்று: திரையில் காட்டும் உயரம் ஏற்றிய இடத்திலிருந்து அளந்தது. 10 மீட்டர் உயர மாடியிலிருந்து ஏற்றியிருந்தால், திரையில் 55 என்பது தரையிலிருந்து 65 மீட்டர். வரம்பைத் தாண்டியாகிவிட்டது.

வயலில் ஆபத்து வேறு வகை. அங்கே கூட்டம் இல்லை, கம்பி இருக்கிறது. பம்ப்செட்டுக்குப் போகும் மின்கம்பி கேமராத் திரையில் தெரியவே தெரியாது. ட்ரோனில் தடை உணரும் சென்சார் இருந்தாலும் மெல்லிய கம்பியை அது பெரும்பாலும் பிடிக்காது. கம்பியைத் தேடாதீர்கள், கம்பத்தைத் தேடுங்கள். இரண்டு கம்பங்களைக் கண்டால் நடுவில் கம்பி உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் மாலை நிலத்துக்காரரோடு வரப்பில் ஒரு நடை நடந்துவிடுவது நல்லது. அப்படி ஒரு நடையில், பனைமர வரிசையைக் காட்டி ஒரு பெரியவர் சொன்னார்: "தம்பி, அந்த மூணாவது பனைக்கிட்ட கம்பத்துக்கு ஸ்டே கட்டியிருக்கான் பாருங்க. செடி படர்ந்து கெடக்கு, வெளிய தெரியாது. நாங்களே ராத்திரி தண்ணி கட்டப் போனா இடிச்சுக்குவோம்." கம்பத்தை இழுத்துப் பிடிக்க மண்ணில் சாய்வாக இறங்கும் அந்தக் கம்பி எந்த வரைபடத்திலும் இருக்காது. தாழ்வாகப் பறக்கும் ட்ரோனுக்கு அதுவே கண்ணி.

தண்ணீர் கட்டிய வயலுக்கு மேல் மிகத் தாழ்வாகவும் நிற்க வேண்டாம். ட்ரோனின் அடியில் உள்ள கேமராக்கள் தரையின் கோடு, புள்ளிகளைப் பார்த்துத்தான் இடம் பெயராமல் நிற்கின்றன. வானத்தைப் பிரதிபலிக்கும் தண்ணீரில் அவற்றுக்குப் பிடிமானம் கிடைக்காது. ட்ரோன் மெல்ல நகரும், சில நேரம் உயரத்தையும் தவறாகக் கணிக்கும். நாற்றின் நுனியைத் தொடுவதுபோல் எடுக்க ஆசைப்பட்டுச் சேற்றில் இறக்கியவர்கள் உண்டு. பருந்தும் கவனிக்க வேண்டியது. வட்டமிடும் பருந்து சட்டென்று ட்ரோனை நோக்கித் திரும்பினால் காட்சியை விட்டுவிட்டு விலகி இறக்கிவிடுங்கள். உங்கள் கண் திரையில் இருக்கும் என்பதால், ட்ரோனையும் வானத்தையும் மட்டும் பார்க்கக் கூட ஒருவர் வேண்டும்.

இனி பேட்டரி. பெட்டியில் உள்ள 31 நிமிடம் காற்றில்லாத சூழலில், ஒரே சீரான வேகத்தில், பேட்டரி முழுதும் தீரும்வரை பறக்கவிட்டு அளந்தது. நம் தேரோட்டத்தில் காற்று இருக்கும், ஏறி இறங்கி நின்று திரும்ப வேண்டியிருக்கும். அதற்குக் கால்பங்கைக் கழித்தால் ஏறக்குறைய 23 நிமிடம் மிஞ்சும். 30 சதவீதம் ஆனதும் திரும்பிவிட வேண்டும் என்று வைத்தால் பறக்கக் கிடைப்பது 16 நிமிடம். ஏறிப் போய்ச் சேர 2 நிமிடம். ஆக ஒரு பேட்டரிக்குக் காட்சி எடுக்க 14 நிமிடம். மூன்றுக்கும் சேர்த்து 42 நிமிடம். தேரோ காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி நிலைக்கு வர மதியம் ஆகும். நடுவில் எங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் நான் மூன்று தருணங்களைத்தான் தேர்ந்தெடுப்பேன். வடம் பிடித்துத் தேர் முதன்முதலாக அசையும் நேரம், தென்கிழக்கு மூலையில் முட்டுக்கட்டை போட்டுத் திருப்பும் நேரம், நிலைக்கு வந்து சேரும் நேரம். தருணத்துக்கு ஒரு பேட்டரி. தேர் நிற்கும்போது ட்ரோனை மேலே நிறுத்திவைத்துக் காத்திருக்கக் கூடாது. அந்தரத்தில் சும்மா நிற்பதும் பேட்டரியைத் தின்னும். தேரோடு வரும் ஒருவரிடம் சொல்லிவைத்து, "திருப்பப் போறாங்க" என்று அவர் போன் செய்ததும் ஏற்றினால் போதும். மூலை திரும்பும்போது தாழ்வாக இறங்கவும் வேண்டாம். முட்டுக்கட்டை போடுபவர்கள் சத்தத்தையும் சைகையையும் நம்பித்தான் சக்கரத்துக்கு அருகே கை வைக்கிறார்கள். தலைக்கு மேல் ஓர் இரைச்சல் அவர்களுக்கு உதவாது.

காற்று இந்தக் கணக்கை எப்படிப் புரட்டும் என்பதை ஓர் எண்ணால் காட்டலாம். வயலுக்கு மேல் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது. ட்ரோன் காற்றில் நொடிக்கு 12 மீட்டர் போகக்கூடியது. காற்றோடு 600 மீட்டர் போனால் வேகம் 20 மீட்டர். அரை நிமிடத்தில் போய்விடும். அதே 600 மீட்டரைக் காற்றை எதிர்த்துத் திரும்பும்போது வேகம் 4 மீட்டர். இரண்டரை நிமிடம் ஆகும். போனதைப்போல ஐந்து மடங்கு நேரம், அதுவும் மோட்டார் முழு மூச்சில். அதனால் எப்போதும் முதலில் காற்றுக்கு எதிராகப் போங்கள், திரும்பும்போது காற்று தள்ளிவிடட்டும். தென்னை மட்டை அசையாவிட்டாலும் 60 மீட்டர் உயரத்தில் நல்ல காற்று இருக்கலாம். தலைக்கு மேல் ஏற்றி ஒரு நிமிடம் நிறுத்தினால், திரையில் வரும் காற்று எச்சரிக்கையும் ட்ரோன் சாய்ந்து நிற்கும் கோணமும் அதைச் சொல்லிவிடும். வயல் காட்சிகளை விடிந்த ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் காற்றும் குறைவு, வரப்பின் நிழலும் நீளமாக விழும்.

சித்திரை வெயில் பேட்டரிக்கு எதிரி. பூட்டிய காரின் டாஷ்போர்டில் வைத்தால் அது பாழ். ஒரு தெர்மாகோல் பெட்டியில், நிழலில் வையுங்கள். ஐஸ் வேண்டாம், ஈரம் சேரும். இறக்கியதும் சூடாக இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜ் போடாதீர்கள். ஆறட்டும். பல ட்ரோன்களின் கையேடு 5 முதல் 40 டிகிரிக்குள்தான் சார்ஜ் செய்யச் சொல்கிறது. போன வாரம் முழுதாக ஏற்றியதை அப்படியே நம்பவும் கூடாது. பாதுகாப்புக்காக இவை தாமாகவே சில நாளில் சார்ஜைக் குறைத்துக்கொள்ளும். முந்தின இரவு மூன்றையும் நிரப்புங்கள்.

கெட்டுப்போகும் பேட்டரியைக் கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. சமமான மேசையில் வைத்தால் ஆடுகிறதா? உப்பியிருக்கிறது, தூக்கிப் போட வேண்டியதுதான். செயலியில் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜும் தெரியும். பறக்கும்போது ஒன்று மட்டும் மற்றதைவிட 0.1 வோல்ட்டுக்கு மேல் இறங்கினால் அதைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். 40 சதவீதத்திலிருந்து சட்டென்று 25-க்கு விழுவதும் அதே எச்சரிக்கைதான். ஒவ்வொரு முறையும் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே ஒரு நிமிடம் நிறுத்திப் பார்த்துவிட்டுப் பிறகு ஏற்றினால், கோளாறு உங்கள் கண் முன்னாலேயே தெரிந்துவிடும்.

கொடியேற்றத்துக்கும் தேருக்கும் நடுவில் பல கோயில்களில் ஒரு வாரம்தான் இருக்கும். மஞ்சள் மண்டல அனுமதிக்கும் தொல்லியல் துறைக் கடிதத்துக்கும் அது போதாது. உங்கள் ஊர்த் தேரை எடுக்க எண்ணினால், பத்திரிகை அச்சாகும் வாரமே வரைபடத்தைப் பார்த்து, கோயிலுக்கும் காவல் நிலையத்துக்கும் கடிதம் கொடுத்துவிடுங்கள். தேர் அன்று காலை வரைபடம் சிவப்பாக மாறியிருந்தால் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு, சம்மதம் கேட்டு ஏதாவது ஒரு வீட்டு மாடிக்கு ஏறுங்கள். தேர் அங்கிருந்தும் நன்றாகத் தெரியும்.